நுனி கிள்ளிய மிளகாய்ச் செடிகள்: ஒரு மாடித் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரையில் இரண்டு மாடி வீடொன்றின் மொட்டை மாடியில் சில ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்துவரும், பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரின் தோட்டத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மாடித் தோட்டம் வைத்திருப்போருக்கு ஆலோசனை சொல்லும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால், ஆகஸ்ட் மாதக் கடைசியில் என்னை அழைத்துச் செடிகளைப் பார்க்கச் சொன்னார். அதன்பின் ஜனவரி வரை வாரம் ஒரு முறையாவது நேரில் சென்று பார்த்தேன். இடைப்பட்ட நாட்களில் அவர் ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிவைத்தார். கீழே வரும் எண்ணிக்கைகள் அந்தக் குறிப்பேட்டிலிருந்து எடுத்தவை.

அவருடைய கவலை முந்தைய ஆண்டிலிருந்தே தொடர்ந்தது. அந்த ஆண்டு வைத்த சம்பா மிளகாய்ச் செடிகள் எல்லாம் ஒற்றைத் தண்டாக, கிளையின்றி, இரண்டடி உயரம் வரை மெலிந்து வளர்ந்தன. காய் பிடித்த பிறகு பாரம் தாங்காமல் சாய்ந்தன. ஐப்பசி மழையில் பாதிச் செடிகள் ஒடிந்தன. நுனியைக் கிள்ளிவிட்டால் செடி புதராக வளரும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு, இந்த முறை எல்லாச் செடிகளுக்கும் அதைச் செய்துவிட வேண்டும் என்ற முடிவோடு இருந்தார்.

ஆடிப் பட்டத்துக்காக ஜூலை 5 அன்று மிளகாய் விதைத்து, 38 நாள் நாற்றுகளை ஆகஸ்ட் 12 அன்று 12 வளர்ப்புப் பைகளில் நட்டிருந்தார். செம்மண், மண்புழு உரம், மக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்திருந்தார். இவற்றோடு நான்கு பைகளில் குட்டையாக வளரும் செடித்தக்காளியும் இருந்தது.

முதல் வருகையில் கண்டவை

ஆகஸ்ட் 24 அன்று நான் பார்த்தபோது மிளகாய்ச் செடிகள் ஏழெட்டு இலைகளுடன், ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, நல்ல பச்சையில் இருந்தன. நடவு அதிர்ச்சியிலிருந்து அவை முழுமையாகத் தேறியிருந்தன. ஒவ்வோர் இலைக் காம்பும் தண்டோடு சேரும் கக்கத்தில் கடுகை விடச் சிறிய பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்தது. இந்தப் புள்ளிதான் பக்க மொட்டு. முழுமையாக உருவான ஒரு கிளையின் தொடக்கம் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. நுனியைக் கிள்ளுவதால் புதிய கிளை எதுவும் உண்டாவதில்லை, உறங்கிக்கொண்டிருக்கும் இந்த மொட்டு விழித்துக்கொள்கிறது என்பதை முதலிலேயே அவருக்குக் காட்டிவிட்டேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபிறகு அவரே ஒவ்வொரு செடியிலும் மொட்டுகளை எண்ணத் தொடங்கினார்.

பைகள் இருந்த இடத்தையும் குறித்துக்கொண்டேன். எட்டுப் பைகள் கிழக்குக் கைப்பிடிச் சுவரோரம், காலை முதல் பிற்பகல் வரை வெயில் படும் இடத்தில் இருந்தன. மற்ற நான்கும் பீர்க்கம் பந்தலின் ஓரத்தில் இருந்ததால், காலை பத்து மணிக்கு மேல் பந்தல் இலைகளின் ஊடாக வரும் வெளிச்சம் மட்டுமே அவற்றுக்குக் கிடைத்தது. அந்த நான்கு செடிகளும் மற்றவற்றை விட இரண்டு விரற்கடை உயரமாகவும், கணுக்களுக்கு இடையே நீண்ட இடைவெளியுடனும் இருந்தன. முந்தைய ஆண்டு நாற்றங்கால் தட்டும் அதே பந்தலின் கீழ்தான் இருந்தது என்று பேச்சின் நடுவே சொன்னார். செடிகள் மெலிந்ததற்கு நுனி கிள்ளாதது காரணமாக இருக்க வாய்ப்பில்லை, பந்தல் நிழலே காரணம் என்ற ஐயம் எனக்கு அப்போதே எழுந்தது.

தக்காளியில் நான் வருவதற்கு முன்பே கை வைத்திருந்தார். ஆகஸ்ட் 20 அன்று நான்கில் இரண்டு செடிகளின் நுனியைக் கிள்ளிவிட்டிருந்தார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

“மிளகாய் எல்லாத்தையும் இன்னைக்கே கிள்ளிடலாமா தம்பி?” என்று கேட்டார். பாதியை மட்டும் கிள்ளுவோம் என்று கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால், பின்னர் செடி நன்றாக வந்தாலும் கெட்டுப்போனாலும் அது கிள்ளியதன் விளைவா, பருவத்தின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. வெயிலில் இருந்த எட்டில் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கையும், பந்தலோரம் இருந்த நான்கில் இரண்டையும் தேர்ந்தெடுத்தோம். நன்றாக இருக்கும் செடிகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஒன்றுவிட்டு ஒன்று என்ற முறை.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதைச் சற்று யோசித்தே முடிவு செய்தேன். மிகச் சீக்கிரம், மூன்று நான்கு இலைப் பருவத்தில் வெட்டினால், புதுக் கிளைகளுக்கு உணவு செய்து கொடுக்கப் போதிய இலைப் பரப்பு எஞ்சாது. விழிக்கக்கூடிய மொட்டுகளும் குறைவாகவே இருக்கும். மிகவும் தாமதித்தால், மிளகாய் தானாகவே கவை விட்டுவிடும். மிளகாயின் முதன்மைத் தண்டு முடிவில்லாமல் மேலே போவதில்லை. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு இலைகள் விட்டபிறகு அதன் நுனியே ஒரு பூவாக மாறி நின்றுவிடும், அந்தப் பூவுக்குச் சற்றுக் கீழிருந்து இரண்டு, சில நேரம் மூன்று கிளைகள் கவையாகப் பிரியும். ஒவ்வொரு கிளையும் ஓரிரு இலை விட்டு, ஒரு பூவில் முடிந்து, மறுபடியும் கவை விடும். ஆகவே மிளகாயில் நுனி கிள்ளுவது என்பது, செடி தானாகச் செய்யப்போகும் பிரிவை முன்கூட்டியே, தண்டின் கீழ்ப் பகுதியில் செய்யவைப்பது மட்டுமே. கவை தெரிந்த பிறகு கிள்ளினால் வரவிருக்கும் பூவை எடுப்பதுதான் மிச்சம். எட்டு இலை விட்டு, கவைக்கான பூமொட்டு இன்னும் தென்படாத இந்த நிலையே பொருத்தமானது என்று கருதி, கீழிருந்து ஐந்தாவது இலைக்கு மேல் வெட்டுவதாகத் தீர்மானித்தோம்.

தக்காளியில் எஞ்சிய இரண்டு செடிகளைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். காரணம் பின்னர் வருகிறது.

வெட்டிய நாள்

ஆகஸ்ட் 27, காலை ஏழு மணி. இலைகள் பனியின்றி உலர்ந்திருந்தன. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டோம், கத்தரியையும் கழுவித் துடைத்தோம். புகையிலைத் தேமல் வகை வைரசுகள் மிளகாய்க்கும் தக்காளிக்கும் பொதுவானவை, அவை சாற்றின் வழியே கையிலும் கத்தரியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். வீட்டில் யாராவது புகையிலை போடுபவர் இருந்தால் அவர் கையால் கிள்ளவே கூடாது என்பதையும் இதனால்தான் சொல்கிறேன்.

நான்கு செடிகளைக் கத்தரியால், ஐந்தாவது கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே விட்டு வெட்டினேன். கணுவை ஒட்டி வெட்டினால் வெட்டுவாய் காயும்போது மேல் மொட்டும் சேர்ந்து காய்ந்துபோகலாம். நீளமாக விட்டால் அந்தக் குச்சி அழுகி நோய்க்கு வாசலாகும். மீதி இரண்டை அம்மையார் நகத்தால் கிள்ளினார். அன்று ஊட்டம் எதுவும் கொடுக்கவில்லை. பஞ்சகவ்யம் தெளிக்கலாமா என்று கேட்டார், புதுத் துளிர் அரை விரல் நீளம் வரும்வரை பொறுக்கச் சொன்னேன். இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே இழுக்கும் என்பதால், மேல் மண் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றும்படியும் கேட்டுக்கொண்டேன். ஒரு பையில் இதை மறந்து வழக்கம்போல் தினமும் ஊற்றியதில் அடியிலைகள் மஞ்சளாகின. நீரை நிறுத்தியதும் அது தேறிவிட்டது.

முதல் மூன்று வாரங்கள்

முதல் நான்கு நாட்கள் வெளியே எந்த மாற்றமும் தெரியவில்லை, வெட்டுவாய் மட்டும் காய்ந்து பழுப்பானது. ஐந்தாம் ஆறாம் நாட்களில், வெயிலில் இருந்த செடிகளின் மேல் இரண்டு கக்கங்களில் பச்சைப் புள்ளி தடித்துப் பளபளத்தது. எட்டாம் நாள் அது அரிசி அளவில் இரண்டு குட்டி இலைகளாக விரிந்தது. பதினான்காம் நாள் மேல் மூன்று கிளைகள் இரண்டு விரற்கடை நீளம் வந்திருந்தன, நான்காவது மொட்டு இப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது, அடியிலிருந்த ஐந்தாவது மொட்டு வெட்டிய நாளில் இருந்தபடியே இருந்தது.

ஒரு செடியில் மட்டும் ஒன்பதாம் நாள் வரை பக்க மொட்டுகளில் எந்த அசைவும் இல்லை. அது நகத்தால் கிள்ளிய இரண்டில் ஒன்று. உற்றுப் பார்த்தபோது, மேலே பாதி கிழிந்த இரண்டு இலைகளுக்கு நடுவிலிருந்து தண்டு தொடர்ந்து நேராக வளர்ந்துகொண்டிருந்தது. விரிந்து நிற்கும் கொழுந்து இலைகளைத்தான் அவர் கிள்ளியிருந்தார், அவற்றின் நடுவே மடிந்து மறைந்திருந்த உண்மையான வளர்நுனி அப்படியே தப்பியிருந்தது. இந்தத் தவறு மிக இயல்பாக நடக்கக்கூடியது. கிள்ளிய துண்டைக் கையில் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்த மிகச்சிறு இலைகள் அதில் இருந்தால் நுனி வந்துவிட்டது, இரண்டு தனி இலைகள் மட்டும் இருந்தால் வரவில்லை. அந்தச் செடியை அன்றே கத்தரியால் மறுபடி வெட்டினேன். அதன்பின் அதுவும் மற்றவை போலவே துளிர்த்தது.

இருபதாம் நாள் நடந்ததுதான் அம்மையாருக்கு ஏமாற்றம் தந்தது. ஐந்து மொட்டு இருந்தால் ஐந்து கிளை வரும் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். ஆனால் மேலே இருந்த இரண்டு கிளைகள் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓட, மூன்றாவது மெதுவாகப் பின்தொடர, நான்காவது இரண்டு இலையோடு நின்றேவிட்டது. வெட்டியபோது ஒரு நுனியின் ஆதிக்கம் போனது உண்மைதான். அதன் இடத்தில் இரண்டு புதிய நுனிகள் வந்து, தமக்குக் கீழே உள்ளவற்றை அதே முறையில் அடக்கத் தொடங்கின. இன்னொரு முறை அந்த இரண்டையும் கிள்ளலாமா என்று கேட்டார். அதைச் செய்திருந்தால் கிளைகள் கூடியிருக்கும், ஆனால் காய்ப்பு இன்னும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போய் மழைக்காலத்தின் நடுவில் பூக்கும் நிலை வந்திருக்கும். வேண்டாம் என்றே சொன்னேன்.

செடிக்குள் நடந்தது என்ன

பள்ளிப் பாடத்தில் நுனி ஆதிக்கம் என்று படித்ததைச் சற்று விரித்துச் சொல்லாவிட்டால், மேலே கண்டவற்றுக்குக் காரணம் புரியாது. வளர்நுனியிலும் அதைச் சூழ்ந்த இளங்கொழுந்திலும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் உருவாகித் தண்டின் வழியே கீழ்நோக்கி மட்டும் இறங்குகிறது. கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூக்கும் 1930களின் தொடக்கத்தில் ஃபாபா என்னும் அவரை வகைச் செடியின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் உறங்கியே இருந்தன. நுனியின் வேலையை ஆக்சின் செய்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் ஆக்சின் நேராக மொட்டுக்குள் புகுந்து அதைத் தடுப்பதில்லை. அது தண்டிலேயே இருந்துகொண்டு, மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் உற்பத்தியைக் குறைக்கிறது, மொட்டை உறங்கவைக்கும் ஸ்ட்ரைகோலாக்டோனைக் கூட்டுகிறது. கிளைவிடுதலை ஸ்ட்ரைகோலாக்டோன் தடுக்கிறது என்பது 2008இல்தான் உறுதியானது. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு: ஒரு மொட்டு கிளையாக வேண்டுமானால் அதுவும் தன் ஆக்சினைத் தண்டுக்குள் இறக்க வேண்டும். தண்டு ஏற்கெனவே நுனியிலிருந்து வரும் ஆக்சினால் நிரம்பியிருந்தால், கீழ் மொட்டுக்கு இறக்க வழி கிடைப்பதில்லை. நெரிசலான முதன்மைச் சாலையில் சந்திலிருந்து வரும் வண்டி ஏற முடியாமல் நிற்பதைப் போன்றது இது. இருபதாம் நாளில் நான்காவது மொட்டு நின்றுபோனதற்கு இதுவே விளக்கம். மேல் இரண்டு கிளைகளும் முதலில் தண்டில் இறங்கிவிட்டன.

இன்னொரு காரணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்சின் தண்டில் மணிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. நுனியை வெட்டினால், வெகு கீழே உள்ள மொட்டுக்கு ஆக்சின் குறைந்த செய்தி போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் பட்டாணிச் செடியில் அந்த மொட்டுகள் சில மணி நேரத்துக்குள் அசையத் தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். வேகமாகப் பாயும் சர்க்கரைதான் அந்த முதல் தூண்டல் என்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. வளரும் நுனி இலைகள் செய்யும் சர்க்கரையில் பெரும் பங்கை இழுத்துக்கொள்கிறது. அதை வெட்டியதும் அந்தச் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது. தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இதில் ஒரு நேரடிப் பொருள் இருக்கிறது: எஞ்சிய இலைகள் குறைவாகவும் வெயில் குறைவாகவும் இருந்தால் திரும்பிப் பாயச் சர்க்கரையே இருக்காது. ஐந்து இலைகளை விட்டு வெட்டியதும், ஊட்டத்தை விட வெயிலைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட்டதும் இதனால்தான்.

பந்தல் ஓரத்துச் செடிகள்

நிழலில் வெட்டிய இரண்டு செடிகளும் துளிர்க்கப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டன. இரண்டிலும் மேல் மொட்டு மட்டுமே விழித்து, ஒற்றைக் கிளையாக நேரே மேல்நோக்கிப் போனது. அதாவது பழைய நுனியை எடுத்த இடத்தில் இன்னொரு நுனி வந்து உட்கார்ந்துகொண்டது, செடி மூன்று வாரம் பின்தங்கியதுதான் கண்ட பலன். ஒன்றில் இரண்டாவது மொட்டு சற்றே விரிந்து நின்றுபோனது.

வெளிச்சம் குறைந்ததால் சர்க்கரை குறைந்தது ஒரு காரணம். இலைகளின் ஊடாக வரும் நிழலுக்கு வேறொரு தன்மையும் உண்டு. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்த தொலைச்சிவப்பு ஒளியைக் கீழே விட்டுவிடுகிறது. இந்த மாற்றத்தைச் செடி உணர்ந்து, பக்கத்தில் போட்டிக்கு வேறு செடிகள் நிற்கின்றன என்று எடுத்துக்கொண்டு, கிளை விடுவதை நிறுத்தி உயரத்துக்கு ஓடுகிறது. நுனியை எடுத்த பிறகும் இந்த உணர்வு மொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கிறது. சுவர் நிழலை விடப் பந்தல் நிழல் கிளைவிடுதலை அதிகம் கெடுப்பதற்கு இது காரணம். முந்தைய ஆண்டு நாற்றுகள் மெலிந்துபோனதையும் இப்போது என்னால் உறுதியாக விளக்க முடிந்தது. அந்த நாற்றுகளுக்குக் கத்தரி தேவைப்படவில்லை, இடமாற்றம் தேவைப்பட்டது.

தக்காளியில் நேர்ந்தது

செடித்தக்காளி என்று நாம் சொல்லும் குட்டை வகையின் தண்டு, சில பூங்கொத்துகள் விட்டபிறகு தானே ஒரு பூங்கொத்தில் முடிந்து நின்றுவிடும். அதன் பக்கக் கிளைகளும் அப்படியே. அது இயல்பாகவே புதர். அதன் நுனியில் அடுத்தடுத்து வரவேண்டிய பூங்கொத்துகள் அடங்கியிருப்பதால், நுனியைக் கிள்ளுவது என்பது விளைச்சலில் ஒரு பகுதியைக் கிள்ளுவதே ஆகும். அம்மையார் கிள்ளிய இரண்டு செடிகளும் ஒரு மாதத்துக்குள் இலை அடர்ந்து பார்வைக்குச் செழிப்பாக இருந்தன. ஆனால் முதல் காய் பழுப்பது மற்ற இரண்டை விட மூன்று வாரம் தாமதமானது, அதற்குள் மழை தொடங்கிவிட்டது. காற்று புகாத உள்பக்கத்து அடியிலைகளில் வளையம் வளையமாகக் கருகல் நோய் வந்து மேலேறியது. அந்த இரண்டிலும் சேர்த்துக் கிடைத்தது 19 பழங்கள், கிள்ளாத இரண்டிலும் சேர்த்து 46.

கொடி போல உயர்ந்துகொண்டே போகும் தக்காளி வகைகளில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் எதிர் வேலையைத்தான் செய்கிறார்கள்: முதன்மைத் தண்டின் நுனியை விட்டுவிட்டு, இலைக் கக்கங்களில் வரும் பக்கக் கிளைகளை விரல் நீளத்துக்குள் ஒடித்தெடுத்து, ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றுகிறார்கள். கொடி கயிற்றின் உச்சியைத் தொட்ட பிறகு அல்லது பருவம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, கடைசிப் பூங்கொத்துக்கு மேல் இரண்டு இலை விட்டு நுனியை வெட்டினால், இருக்கும் காய்கள் பழுக்க உணவு கிடைக்கும். மிளகாய்க்குச் சொல்லப்படும் அறிவுரையைத் தக்காளி என்ற ஒரே பெயருக்குள் இருக்கும் இந்த இரண்டு வகைகளுக்கும் அப்படியே பொருத்துவதுதான் இங்கே நடந்த பிழை. விதைப் பொட்டலத்தில் வகை எழுதியிருந்தது, அவர் அதைப் படிக்கவில்லை. நான் முன்பே அழைக்கப்பட்டிருந்தால் தடுத்திருப்பேன் என்று சொல்வதில் பயனில்லை, ஆனால் அந்தச் செடிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனது வருந்தியது.

பூப்பும் அறுவடையும்

வெயிலில் வெட்டாமல் விட்ட நான்கு மிளகாய்ச் செடிகளும் செப்டம்பர் நடுவில், ஒன்றரைச் சாண் உயரத்தில் தாமாகவே கவை விட்டன. அக்டோபர் 14 அன்று அவற்றில் முதல் பறிப்பு நடந்தது. வெட்டியவற்றில் முதல் பறிப்பு நவம்பர் 2 அன்றுதான், அதாவது 19 நாள் தாமதமாக. நவம்பர் 15 வரை வெட்டாத நான்கில் 168 காய்களும் வெட்டிய நான்கில் 61 காய்களும் கிடைத்திருந்தன. இந்தக் கட்டத்தில் அம்மையார், செய்தது தவறோ என்று கேட்டார். கிளை எண்ணிக்கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். வெட்டிய செடிகளில் மூன்று முதன்மைக் கிளைகளும் தரையிலிருந்து ஒரு சாணுக்குள் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே கவை விட்டுக்கொண்டிருந்தன.

அக்டோபர் கடைசி வாரத்தில் காற்றோடு பெய்த மழையில் வெட்டாத செடிகளில் ஒன்று கவையிலேயே இரண்டாகப் பிளந்தது, இன்னொன்று சாய்ந்தது. வெட்டியவை நான்கும் நின்றன. ஒன்றில் மட்டும் குறுகிய கோணத்தில் பிரிந்த ஒரு கிளை அடியில் சற்றுக் கிழிந்தது, துணிநாடாவால் கட்டியதும் ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 10 வரையான மொத்தக் கணக்கு: வெட்டாத நான்கில் 402 காய்கள், வெட்டிய நான்கில் 447. பந்தலோரம் வெட்டாத இரண்டில் 83, வெட்டிய இரண்டில் 58. வெயிலில் இருந்தவற்றின் 45 காய் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு நான்கு செடிகள்தான், அவற்றில் பிளந்துபோன ஒரு செடி மட்டுமே அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடும். நுனி வெட்டினால் காய் கூடும் என்று இந்த நிகழ்வை வைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. செடி குட்டையாகவும் அகலமாகவும் நின்று காற்றைத் தாங்கியது, காய்ப்பு பின்னால் நகர்ந்து நீண்டது. இந்த அளவுக்குத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த பருவத்தில் மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம் நாற்றங்காலின் இடம். விதைத்த நாளிலிருந்தே தட்டு முழு வெயிலில் இருக்க வேண்டும், நண்பகலில் மட்டும் மெல்லிய நிழல்வலை போதும். கணுவிடை நெருங்கிய நாற்று கிடைத்துவிட்டால், நுனி வெட்டும் தேவையே பாதி குறைந்துவிடும்.

பந்தல் நிழலில் இருக்கும் மிளகாயை வெட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். இடத்தை மாற்ற முடியாவிட்டால் அந்தப் பைகளில் கீரை போடுவது நல்லது.

வெட்டும் காலத்தைப் பற்றி எனக்கே ஒரு வருத்தம் உண்டு. ஆடிப் பட்டத்தில், ஐப்பசி மழைக்கு முன் முதல் காய் பறிக்க வேண்டும் என்றால், 19 நாள் தாமதம் சிறியதல்ல. அடுத்த முறை விதைப்பை ஜூன் நடுவுக்கு நகர்த்தி, வெட்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குச் சீக்கிரம் காய் வேண்டும் என்பதற்காக மூன்றில் ஒரு பங்குச் செடிகளை வெட்டாமலே விடவும் அவர் விரும்புகிறார், அதுவே சரி என்று எனக்கும் படுகிறது. வெட்டாத செடிகளுக்குக் கவை விட்டதும் குச்சி நட்டுக் கட்ட வேண்டும் என்பதை இந்த முறை நான் சொல்லத் தவறினேன். சொல்லியிருந்தால் அந்த ஒரு செடி பிளந்திருக்காது.

நுனி வெட்டுவதையும், முதல் கவையில் வரும் பூவைக் கிள்ளுவதையும் பலர் ஒன்றாகப் பேசுகிறார்கள். பூவைக் கிள்ளினால் அந்த ஒரு காய்க்குப் போகும் உணவு மிச்சமாகி இலையும் கிளையும் சற்று வேகமாக வளரும், ஆனால் கீழ் மொட்டுகள் அதனால் விழிப்பதில்லை. வெட்டிய செடிகளில் அம்மையார் முதல் பூக்களையும் கிள்ள நினைத்தார். ஏற்கெனவே தாமதமான செடியை இன்னும் தாமதப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

ஜனவரிக்குப் பிறகு

பொங்கல் முடிந்து காய் சிறுத்துப் பறிப்பு குறைந்ததும், மழையில் பிளந்துபோனது நீங்கலாக வெயிலில் இருந்த ஏழு செடிகளையும் தரையிலிருந்து நான்கு விரற்கடை விட்டுக் கவாத்து செய்தோம். மேல் கிளைகள் எல்லாம் போயின. ஒவ்வொரு பைக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டு, வேருக்கு அருகே கிளறிவிட்டார். ஆகஸ்ட் முதல் அசையாமல் இருந்த அந்த ஐந்தாவது மொட்டு, முன்பு வெட்டிய நான்கு செடிகளில் மூன்றில், கவாத்து செய்த ஒன்பதாம் நாள் துளிர்த்தது. நான்காவது செடியில் அந்தக் கணுவின் பட்டை முதிர்ந்து கட்டையாகியிருந்தது, அங்கே அதற்கு அடுத்த கீழ்க் கணுவிலிருந்து ஒரு துளிர் வந்தது. பிப்ரவரி நடுவில் அந்தத் துளிர்கள் ஒரு விரல் நீளம் இருந்தன. அவற்றின் நுனியை வெட்டவில்லை.